ஆச்சியோட பென்ஷன் ஸ்லிப்பில் ஆறு வரி

வீ.கே.புதூர்னு சொன்னா நம்ம காலேஜ்ல பாதிப் பேருக்குத் தெரியாது. முழுப் பேரு வீரகேரளம்புதூர். தென்காசி மாவட்டம், சுரண்டைக்குப் பக்கம். குற்றாலத்துல சீசன்னா எங்க ஊருக்கும் அந்தச் சாரல் காத்து கொஞ்சம் வரும். இந்தத் தடவை செமஸ்டர் லீவுல அங்க போனப்ப ஆச்சி ஒரு தாளை நீட்டினா. "ஏய்யா, நீ கம்ப்யூட்டர் படிக்கிறல்ல, இதுல என்ன போட்டிருக்குன்னு பாரு. மாசா மாசம் ரூவா குறைஞ்சுகிட்டே வருது."

அது ஆகஸ்ட் 2025 மாசத்து பென்ஷன் ஸ்லிப். தாத்தா அரசாங்க ஜீப் டிரைவரா இருந்தவரு. அவரு போனதுக்கப்புறம் ஆச்சிக்கு வர்றது குடும்ப ஓய்வூதியம். மொத்தமே ஆறு வரிதான். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பர் எழுதுன எனக்கு ஆறு வரி படிக்க ரெண்டு வாரம் ஆச்சு. நம்ம எல்லார் வீட்லயும் இப்படி ஒரு தாத்தாவோ ஆச்சியோ ஒரு தாளை மடிச்சு பர்ஸுக்குள்ள வச்சிருப்பாங்க, அதனால அந்த ஆறு வரியையும் இங்க எழுதுறேன். இதுல வர்ற கருவூலம் எங்க ஊர்க் கருவூலம் இல்ல. தாத்தா வேலை பார்த்தது வேற மாவட்டம், பென்ஷனும் அங்கிருந்துதான் வருது. பேரு வேண்டாம்.

முதல் வரி, அடிப்படை ஓய்வூதியம்: 10,794 ரூபாய்.

இந்த நம்பர் எங்கிருந்து வந்துச்சு? தாத்தா 30.06.2013 அன்னிக்கு ரிட்டயர் ஆனாரு. கடைசியா வாங்கின சம்பளம், கிரேடு பே எல்லாம் சேத்து 14,000. முப்பது வருஷத்துக்கு மேல சர்வீஸ் இருந்ததால அதுல பாதி, 7,000, அவருக்கு பென்ஷன். அவரு இறந்துட்டா மனைவிக்கு சாதாரண விகிதத்துல 30 சதவீதம், அதாவது 4,200. அப்புறம் ஏழாவது ஊதியக் குழுவை ஒட்டி தமிழ்நாடு அரசு 2017 அக்டோபர்ல பழைய பென்ஷனை எல்லாம் 2.57ஆல பெருக்கச் சொல்லி ஆணை போட்டுச்சு. 7,000 ஆனது 17,990. 4,200 ஆனது 10,794. முதல் வரி முடிஞ்சது.

முடியல. இந்த 17,990ங்கற நம்பரை மனசுல வச்சுக்கோங்க, பின்னால அதுதான் வில்லன்.

ரெண்டாவது வரி, அகவிலைப்படி. சிலர் அகவிலை நிவாரணம்னு சொல்வாங்க. விலைவாசி ஏறும்போது அடிப்படைத் தொகையோட மதிப்பு குறையாம இருக்கத் தர்றது. இந்த ஸ்லிப் காலத்துல விகிதம் 55 சதவீதம். 10,794ல 55 சதவீதம் 5,936.70, ரவுண்ட் பண்ணி 5,937. இதுல கவனிக்க வேண்டியது, இந்த சதவீதம் எதுமேல போடப்படுதுங்கறது. தாத்தா உயிரோட இருந்தப்ப அவரோட ஸ்லிப்புல ஒரு கழித்தல் வரி இருந்துச்சாம். ரிட்டயர் ஆகும்போது பென்ஷன்ல மூணுல ஒரு பங்கை மொத்தமா முன்கூட்டியே வாங்கிக்கலாம். அதுக்குப் பேரு தொகுத்துப் பெறுதல், எல்லாரும் கம்யூட்டேஷன்னுதான் சொல்றாங்க. அந்தப் பங்கு 15 வருஷத்துக்கு மாசா மாசம் கழியும், அப்புறம் திரும்ப வந்துரும். தாத்தாவுக்கு 2,333 கழிஞ்சிட்டிருந்தது. ஆனா அகவிலைப்படியைக் கழிக்கிறதுக்கு முந்தின முழுத் தொகை மேலதான் போடணும். உங்க வீட்டுத் தாத்தா ஸ்லிப்புல கழிச்ச பிறகு உள்ள தொகை மேல சதவீதம் போட்டிருந்தா அது தப்பு. தாத்தா இறந்ததோட அந்தக் கழித்தலும் போயிரும். ஆச்சி தலையில ஏறாது. ஆச்சி ஸ்லிப்புல அது இல்ல, சரியாத்தான் இருந்துச்சு.

மூணாவது வரி மருத்துவப்படி 300. நாலாவது, பிடித்தம்: மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு 497. 2022 ஜூலையில இருந்து இதே தொகை. 300 கொடுத்து 497 எடுக்கிறதைப் பத்தி ஆச்சிகிட்ட ஒரு கருத்து இருக்கு, அதை இங்க எழுத முடியாது.

அஞ்சாவது வரிதான் விஷயமே. 'ரெகவரி' 3,500. அவ்வளவுதான். எதுக்கு, எவ்வளவு மொத்தம், இது எத்தனையாவது தவணை, இன்னும் எவ்வளவு பாக்கி, ஒண்ணும் கிடையாது. ஒரு ஈ.எம்.ஐ. ஸ்டேட்மென்ட்ல கூட பாக்கி எவ்வளவுன்னு இருக்கும்.

ஆறாவது வரி நிகரத் தொகை 13,034. கூட்டிக் கழிச்சுப் பார்த்தேன், சரியா வந்தது. 2025 ஜனவரி மாசத்துக்கு ஆச்சிக்கு வந்தது 27,328. ஏழே மாசத்துல வருமானம் பாதிக்கும் கீழ போயிருக்கு. இதுல ஆச்சி தனக்குன்னு செலவு பண்றது கம்மி. என் தங்கச்சியோட ஹாஸ்டல் ஃபீஸ் இந்தப் பென்ஷன்ல இருந்துதான் போகுது.

சரி, 27,328 எப்படி 13,034 ஆச்சு? ரெண்டு தடவையா விழுந்திருக்கு. பிப்ரவரியில 16,318. ஜூன்ல இருந்து ரெகவரி. ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான், அது ஸ்லிப்புல இல்ல. பி.பி.ஓ.ல இருந்துச்சு.

பி.பி.ஓ.ன்னா ஓய்வூதியக் கொடுப்பாணை. சென்னையில இருக்கிற மாநிலக் கணக்காயர் அலுவலகம் போடறது. அதுல ஒரு பாதி பென்ஷன்தாரர்கிட்ட, இன்னொரு பாதி பணம் பட்டுவாடா பண்ற கருவூலத்துல. பென்ஷன் விஷயத்துல மூல ஆவணம் இதுதான். ஸ்லிப்ங்கறது கருவூலத்து சிஸ்டம்ல யாரோ ஏத்தின டேட்டாவோட பிரிண்ட் அவுட். நம்ம பாஷையில சொன்னா பி.பி.ஓ. சோர்ஸ், ஸ்லிப் அவுட்புட். அவுட்புட் தப்பா இருந்தா சோர்ஸைப் பாக்கணும், இல்ல நடுவுல ஏத்துனதைப் பாக்கணும்.

ஆச்சி அந்தப் புத்தகத்தை மஞ்சப் பையில, ரேஷன் கார்டு, தாத்தாவோட இறப்புச் சான்றிதழ், எல்.ஐ.சி. பத்திரம் எல்லாத்தோடயும் சுத்தி பீரோவுல வச்சிருந்தா. அதுல குடும்ப ஓய்வூதியம்னு ரெண்டு விகிதம் போட்டிருந்தது. ஒண்ணு கூடுதல் விகிதம், 7,000. இன்னொண்ணு சாதாரண விகிதம், 4,200. தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் 1978ல 49ஆவது விதி சொல்றது இதுதான்: பென்ஷன்தாரர் ரிட்டயர் ஆன பிறகு சீக்கிரமே இறந்துட்டா குடும்பம் திடீர்னு தடுமாறக் கூடாது. அதனால கொஞ்ச காலத்துக்குக் கூடுதல் விகிதம், அப்புறம் 30 சதவீதம். அந்தக் கொஞ்ச காலம் எவ்வளவு? இறந்த மறுநாள்ல இருந்து ஏழு வருஷம், இல்லன்னா அவரு உயிரோட இருந்திருந்தா 65 வயசு முடியற நாள் வரைக்கும். இந்த ரெண்டுல எது முந்தி வருதோ அது வரைக்கும்.

புரோகிராம்ல எழுதினா ஒரே ஒரு `min`. அந்த `min` மேலதான் எங்க வீட்டுல அஞ்சு லட்ச ரூபாய் தொங்குது.

தாத்தா இறந்தது 31.01.2018. ஏழு வருஷம் முடியறது 31.01.2025. தாத்தாவோட பிறந்த தேதி 01.07.1955. 65 முடியறது 30.06.2020. (ஒண்ணாந்தேதி பிறந்தவங்களுக்கு அரசாங்கக் கணக்குல முந்தின நாளே வயசு முடிஞ்சிரும். அதனாலதான் அவரு ஜூன் 30ல ரிட்டயர் ஆனாரு.) முந்தி வர்றது 2020. ஆனா சிஸ்டம்ல ஏழு வருஷக் கணக்கை மட்டும் ஏத்தி 2025னு முடிவுத் தேதி போட்டுட்டாங்க. மனைவிக்கு பென்ஷன் மாத்தறப்ப மறுபடியும் சென்னைக்குக் கேக்க வேண்டியதில்ல, பி.பி.ஓ.லயே மனைவி பேரும் விகிதமும் இருக்கறதால கருவூலமே இறப்புச் சான்றிதழை வாங்கிட்டு ஆரம்பிச்சிடலாம். அந்த ஆரம்பிக்கிற இடத்துல நடந்த தப்பு இது.

இதுல இன்னொரு கூத்து. ஜூலை 1ங்கறது தாத்தாவோட உண்மையான பிறந்த நாளே இல்லையாம். பள்ளிக்கூடத்துல சேக்கப் போனப்ப வாத்தியாரு ஒரு தேதி கேட்டிருக்காரு, பூட்டிக்குத் தெரியல, அவரே ஒண்ணு போட்டுக்கிட்டாரு. "அவரு ஐப்பசி அடைமழையில பொறந்தவரு"ன்னு ஆச்சி சொல்றா. ஐப்பசின்னு எழுதியிருந்தா இன்னும் நாலு மாசம் சர்வீஸ், நாலு மாசம் கூடுதல் பென்ஷன். அதெல்லாம் இப்ப பேசி ஆகப்போறது ஒண்ணுமில்ல.

ஆக, 2020 ஜூலையில இருந்து 2025 ஜனவரி வரைக்கும் 55 மாசம், 10,794க்குப் பதிலா 17,990 போயிருக்கு. மாசம் 7,196 அதிகம், அதுக்கு மேல அகவிலைப்படி. 2025 ஜனவரியோட ஏழு வருஷம் முடிஞ்சதும் சிஸ்டம் தானா பென்ஷனைக் குறைச்சிருக்கு. அப்பதான் யாரோ பி.பி.ஓ.வை எடுத்துப் பாத்து 2020ங்கறதைக் கண்டுபிடிச்சிருக்காங்க. மே மாசம் ஆச்சிக்கு ஒரு கடிதம் வந்திருக்கு. தமிழ்லதான் இருந்துச்சு, ஆனா இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச எனக்கு மூணு தடவை படிச்சாத்தான் புரிஞ்சது. மிகையாக வழங்கப்பட்ட தொகை 6,05,550 ரூபாய், மாதத் தவணை 3,500 வீதம் பிடித்தம் செய்யப்படும். அவ்வளவு.

ஆச்சிக்கு அந்தக் கடிதத்தைப் படிச்சுக் காட்டினவங்க யாரும் தொகையைச் சொல்லல போல. நான் ஆறு லட்சம்னு சொன்னதும் அவ கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "நான் யாருகிட்டயும் ஒரு பைசா கூடக் கேட்டதில்லையேய்யா"ன்னா. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. கணக்கு பாக்கலாம்னு உக்காந்தேன்.

6,05,550ஐ 55ஆல வகுத்தேன். மிச்சமே இல்லாம 11,010 வந்துச்சு. இங்கதான் சந்தேகம். 55 மாசத்துக்கும் ஒரே தொகை எப்படி வரும்? 7,196க்கு மேல 53 சதவீதம் போட்டா 11,009.88. ரவுண்ட் பண்ணா 11,010. அதாவது கடைசி மாசத்துல என்ன விகிதமோ, அந்த 53 சதவீதத்தையே 2020ல இருந்து எல்லா மாசத்துக்கும் போட்டுப் பெருக்கியிருக்காங்க.

ஆனா 2020ல 53 எங்க இருந்துச்சு? கொரோனா நேரத்துல அகவிலைப்படியை நிறுத்தி வச்சாங்க, ஞாபகம் இருக்கா? 2021 டிசம்பர் வரைக்கும் தமிழ்நாட்டுல வெறும் 17 சதவீதம்தான். 2022 ஜனவரியில 31 ஆச்சு. அந்த வருஷம் ஜூலையில 34. 2023ல மூணு தடவை ஏறிச்சு: ஜனவரியில 38, ஏப்ரல்ல 42, ஜூலையில 46. 2024 ஜனவரியில 50, ஜூலையில 53. ஆச்சிக்கு அதிகமா போன பணத்துக்கும் அந்தந்த மாசத்து விகிதம்தான் போயிருக்கும். வாங்காத அகவிலைப்படியைத் திருப்பிக் கேக்கறாங்க. (55 சதவீதம் 2025 ஜனவரியில இருந்து அமலானாலும் அறிவிச்சது ஏப்ரல் கடைசியில. ஜனவரி பென்ஷன் கைக்கு வந்தப்ப 53தான். நிலுவை வந்தப்ப ஏற்கெனவே குறைஞ்ச விகிதத்துலதான் வந்துச்சு.)

போன்லயே எழுதி ஓட்டிப் பாத்தேன். ஒவ்வொரு ஜோடியிலயும் முதல் நம்பர் எத்தனை மாசம், ரெண்டாவது எத்தனை சதவீதம்:

```python
diff = 17990 - 10794
periods = [(18, 17), (6, 31), (6, 34), (3, 38),
           (3, 42), (6, 46), (6, 50), (7, 53)]
print(sum(m for m, r in periods))
print(round(sum(m * diff * (100 + r) / 100
                for m, r in periods)))
```

வந்தது `55`, `531281`. கேட்டது 6,05,550. வித்தியாசம் 74,269 ரூபாய். என் தங்கச்சிக்கு ரெண்டு வருஷ ஹாஸ்டல் ஃபீஸ்.

இந்த மாதிரி சமயத்துல கேட்டு வாங்க வேண்டிய காகிதம் ஒண்ணு இருக்கு. 'டியூ டிரான் ஸ்டேட்மென்ட்'னு ஆபீஸ்ல சொல்வாங்க. ஒவ்வொரு மாசத்துக்கும் ஒரு வரி. கிடைக்க வேண்டியது எவ்வளவு, வாங்கினது எவ்வளவு, வித்தியாசம் எவ்வளவு. மொத்தத் தொகையை மட்டும் போட்டு கடிதம் வந்தா அதை வச்சு ஒண்ணும் சரிபாக்க முடியாது. மாச வாரியா பட்டியல் கையில இருந்தா, அதை பாஸ்புக்கோட ஒவ்வொரு வரவா ஒப்பிடலாம். நாங்க எழுதின மனுவுல முதல் கோரிக்கையே இந்தப் பட்டியல்தான்.

எங்க மாமாவும் நானும் அந்த ஊருக்கு பஸ்ஸுல போனோம். சீட்டுல இருந்த மேடம் நல்லாவே பேசினாங்க. இந்தத் தப்பு நடந்தப்ப அவங்க அங்க இல்ல, வந்து ஒரு வருஷம்தான் ஆகுதாம். என் கணக்கைப் பாத்துட்டு, "ஒரே ரேட் போட்டிருக்காங்களே"ன்னு அவங்களே சொன்னாங்க. எழுதிக் குடுங்கன்னாங்க. குடுத்தோம், ரசீது வாங்கினோம். மூணு வாரத்துல பட்டியல் வந்துச்சு, புதுத் தொகை 5,31,279. எனக்கும் அவங்களுக்கும் ரெண்டு ரூபாய் வித்தியாசம். அவங்க ஒவ்வொரு மாசத்தையும் தனித்தனியா ரவுண்ட் பண்ணியிருக்காங்க, நான் கடைசியில பண்ணேன். அவங்க முறைதான் சரி. உண்மையில அப்படித்தான பணம் போச்சு.

இதோட பாதிதான் முடிஞ்சது. மிச்ச அஞ்சேகால் லட்சத்தைத் திருப்பித்தான் தரணுமா?

இங்க சட்டம் வருது, அதுவும் ஒரே பக்கமா வரல. 2014 டிசம்பர் 18ல உச்ச நீதிமன்றம் பஞ்சாப் அரசுக்கும் ரஃபிக் மசிங்கறவருக்கும் நடந்த வழக்குல ஒரு தீர்ப்பு சொல்லுச்சு. வழக்கோட பேருலயே அவரு பேருக்குப் பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள 'ஒயிட் வாஷர்'னு இருக்கும். சுண்ணாம்பு அடிக்கிற வேலை. ஊழியர் ஏமாத்தாம, அரசாங்கத்தோட தப்பால அதிகமா பணம் போயிருந்தா, அஞ்சு சூழ்நிலையில அதைப் பிடிக்கக் கூடாதுன்னு அந்தத் தீர்ப்பு சொல்லுது. எங்களுக்கு வேண்டியது மூணு. கீழ்நிலைப் பிரிவு ஊழியர்கள்கிட்ட பிடிக்கக் கூடாது. ரிட்டயர் ஆனவங்க, ஒரு வருஷத்துக்குள்ள ரிட்டயர் ஆகப்போறவங்ககிட்ட பிடிக்கக் கூடாது. பிடித்த உத்தரவுக்கு முன்னால அஞ்சு வருஷத்துக்கு மேல அதிகத் தொகை போயிட்டிருந்தா பிடிக்கக் கூடாது.

மூணாவதைப் படிச்சப்ப எனக்கு ஒரு நிமிஷம் நிம்மதி. அப்புறம் எண்ணிப் பாத்தேன். அஞ்சு வருஷம்னா 60 மாசம். எங்களுக்கு 55. அது போச்சு. மிச்ச ரெண்டும் ஊழியரைப் பத்திப் பேசுது. தாத்தா டிரைவர், ரிட்டயர் ஆனவரு, ரெண்டுலயும் வருவாரு. ஆனா பணம் வாங்கினது தாத்தா இல்ல, ஆச்சி. ஊழியருக்கே பாதுகாப்பு உண்டுன்னா அவரோட விதவைக்கு எப்படி இல்லாம போகும்ங்கறது நம்ம வாதம். வாதம்தான், தீர்ந்துபோன விஷயம்னு நெனச்சுக்க வேண்டாம். 2022 மே மாசம் தாமஸ் டேனியல்ங்கற கேரள ஆசிரியரோட வழக்குலயும், ரிட்டயர் ஆகி பத்து வருஷம் கழிச்சுப் பணம் கேட்டது சரியில்லைன்னு உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. அதையும் மனுவுல சேத்தோம்.

எதிர்ப்பக்கத்துலயும் ஒரு தீர்ப்பு இருக்கு, 2016 ஜூலையில வந்தது. ஜக்தேவ் சிங் வழக்கு. அதிகமா வந்தா திருப்பித் தர்றேன்னு ஒருத்தர் முன்னாடியே உறுதிமொழி எழுதிக் குடுத்திருந்தா, பிடிக்கலாம், நியாயமான தவணையில பிடிக்கணும்னு அதுல சொன்னாங்க. இப்ப பென்ஷன் ஆரம்பிக்கறப்ப குடுக்கற ஃபார்ம் கட்டை ஞாபகப்படுத்திப் பாருங்க. அதுல இந்த உறுதிமொழி ஒரு தாள். எல்லார்கிட்டயும் வாங்குவாங்க. ஆச்சிகிட்ட கேட்டேன். "குடுத்த எடத்துலெல்லாம் கையெழுத்துப் போட்டேன்யா, உங்க தாத்தா போயி பதினஞ்சு நாளு கூட ஆகல"ன்னா.

என் கருத்தைக் கேட்டா, அந்தக் கையெழுத்தை ஒரு நீதிபதி போட்ட கையெழுத்தோட ஒண்ணா வைக்கக் கூடாது. ஜக்தேவ் சிங் நீதித்துறையில நீதிபதியா இருந்தவரு. எதுல கையெழுத்துப் போடறோம்னு அவருக்குத் தெரியும். கூடுதல் விகிதம், சாதாரண விகிதம்னு ரெண்டு இருக்குன்னே ஆச்சிக்கு நான் சொல்லித்தான் தெரியும். ஆனா இதை எழுதற நான் நீதிபதி இல்ல, ரெண்டு அரியர் வச்சிருக்கற பையன்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிடறேன், இல்லன்னா நியாயமா இருக்காது. அந்தப் பணம் விதிப்படி ஆச்சிக்கு வர வேண்டியதில்ல. அது பொதுப்பணம். இதை வீட்டுல சொன்னப்ப மாமா என்னை முறைச்சாரு. பாக்கியில்லாத பணத்தை வாங்கினதுக்கும், அது பாக்கியில்லைன்னு தெரியாம நாலரை வருஷம் சாப்பிட்டுத் தீத்ததுக்கும் வித்தியாசம் இருக்குங்கறதைத்தான் அந்த 2014 தீர்ப்பும் பிடிச்சிருக்கு. பிடிக்கறதால ஒருத்தருக்கு வர்ற கஷ்டம், பிடிக்காம விட்டா அரசாங்கத்துக்கு வர்ற நஷ்டத்தை விட ரொம்பப் பெருசான்னு பாக்கச் சொல்லுது. மாசம் 13,034ல இருக்கிற 65 வயசு ஆளுக்கு அந்தத் தராசு எந்தப் பக்கம் சாயும்னு எனக்குத் தோணறதை மனுவுல எழுதியிருக்கேன்.

தவணைக் கணக்கையும் போட்டு வச்சோம். பழைய தொகையான 6,05,550க்கு மாசம் 3,500ன்னா 173 மாசம் தாண்டும். பதினாலரை வருஷம், 2039 கடைசி. குடும்ப ஓய்வூதியம் வாங்கறவங்களுக்கு 80 வயசு ஆனா அடிப்படையில 20 சதவீதம் கூடுதலா வரும். ஆச்சிக்கு 80 வர்றது 2040 மார்ச்சுல. ஒருத்தர் எடுத்து முடிக்க, இன்னொருத்தர் குடுக்க ஆரம்பிப்பாரு. புதுத் தொகைக்கு 152 தவணை. ரெண்டு வருஷம் கிட்ட மிச்சம்.

உங்க வீட்டுல குடும்ப ஓய்வூதியம் வந்துச்சுன்னா, ஸ்லிப்பைப் பாக்கறதுக்கு முன்னால பி.பி.ஓ.வை எடுத்து அந்த ரெண்டு தேதியை எழுதிக்கோங்க. இறந்த நாளோட ஏழு வருஷம் கூட்டினா ஒண்ணு, பிறந்த நாளோட 65 கூட்டினா ஒண்ணு. முந்தி வர்ற தேதிக்கு அடுத்த மாசத்து ஸ்லிப்புல அடிப்படைத் தொகை குறையணும். குறையலன்னா சந்தோஷப்படாதீங்க, அந்த மாசமே எழுதிக் குடுத்து ரசீது வாங்குங்க. ஒரு மாசத்துத் தப்பு எட்டாயிரம் சொச்சத்தோட போயிரும். தேதியைத் தாண்டி ஏற்கெனவே போயிருந்தா, தெரிஞ்ச அன்னிக்கே அந்த வித்தியாசத்தைத் தனியா எடுத்து வைங்க. ஸ்லிப் மாசா மாசம் சேத்து வைக்கணும்னு எங்க வீட்டுல யாருக்கும் தோணல. நான் இந்தக் கணக்கைப் போட்டது பாஸ்புக் என்ட்ரிகளை வச்சுத்தான். அதுல நிகரத் தொகை மட்டும்தான் இருக்கும், உள்ள என்ன வரிங்கறது இருக்காது. நல்லவேளை, மருத்துவப்படியும் காப்பீட்டுப் பிடித்தமும் எப்ப மாறிச்சுன்னு தெரிஞ்சா பின்னோக்கிப் போட்டுப் பாத்துடலாம்.

மனுவோட ரெண்டாவது கோரிக்கை, பிடிக்கறதையே நிறுத்தணும்ங்கறது, மேல் அலுவலகத்துக்குப் போயிருக்கு. அதுவரைக்கும் தவணையையாவது பாதியாக் குறைங்கன்னு மூணாவதா ஒண்ணு கேட்டிருக்கோம். ரெண்டுக்கும் இன்னும் பதில் வரல. போன வாரம் ஆச்சி போன் பண்ணா. இந்த மாசமும் 3,500 போயிருக்காம். "அஞ்சாவது வரியில இப்பவும் அதே நம்பர்தான்யா இருக்கு"ன்னா. வரி நம்பர் சொல்லிப் பேசற அளவுக்குத் தேறிட்டா. நாலாவது தவணைன்னு நோட்டுல குறிச்சுக்கச் சொன்னேன்.